ஐந்தாம் கேள்வி எங்கே?

"அக்கா, 5வது கணக்கு போட்டு அனுப்புங்க."

இவ்வளவுதான் செய்தி. படம் இல்லை, தாள் இல்லை, எந்தப் பாடம் என்ற குறிப்பும் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டதிலிருந்து 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்கும் வரை, இப்படிப்பட்ட செய்திகள் என் போனுக்கு நிறைய வந்தன. நான் கணிதம் படித்துவிட்டு, திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். திண்ணையில் நடந்த அந்த வகுப்பு ஒரே வாரத்தில் வாட்ஸப்புக்கு மாறியது. அதன்பின் எனக்கு வந்த செய்திகளில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அனுப்பியதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கேள்வியே இல்லாமல் விடை கேட்கும் ஒரு செய்திக்குப் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு எரிச்சல்தான் வரும். கேள்வியை அனுப்பக்கூட முடியாத சோம்பல் என்று தோன்றும். அதே செய்தியைப் போனை யார் வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கிப் படித்தால் வேறு மாதிரி தெரியும். அந்த வீட்டில் ஆண்ட்ராய்டு போன் ஒன்றுதான். அது அப்பாவுடையது. காலையில் அவரோடு கிளம்பிப் போய், பொழுது சாய்ந்த பிறகு அவரோடு திரும்பி வரும். வந்தவுடன் முதலில் அண்ணன் கைக்குப் போகும். பிறகு ஒரு ஐந்து நிமிடம் இவளுக்குக் கிடைக்கும், அதுவும் அடுப்படியில் வேலை இல்லாதபோது. அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்புக் குழுவைத் திறக்க வேண்டும், அன்று வந்தவற்றைப் பார்க்க வேண்டும், நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், தெரியாததை யாரிடமாவது கேட்க வேண்டும். செய்தி குட்டையாக இருப்பது அவளுக்குக் கிடைத்த நேரம் குட்டையாக இருப்பதால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தாள் அவள் கண் முன்னே, வகுப்புக் குழுவில் இருக்கிறது. ஆசிரியர் அனுப்பிய படம் அது. அதே போனில், அதே வாட்ஸப்பில்தான் அவள் எனக்கும் எழுதுகிறாள். அவள் பார்க்கிற படம் எனக்கும் தெரியும் என்று நினைப்பதில் தவறொன்றுமில்லை. வகுப்பறையில் அப்படித்தான் நடந்தது. "மிஸ், அஞ்சாவது" என்றால் போதும், கரும்பலகை எல்லோருக்கும் பொது. போனில் பொதுவான பலகை கிடையாது. நான் அந்தக் குழுவில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் குழுவில் இல்லாதவருக்குப் படமும் தெரியாது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது காரணம் வெறும் தொழில்நுட்பம். சில சமயம் அவள் படத்தை அனுப்பியே இருப்பாள். டேட்டா தீர்கிற நேரத்தில் படம் மேலே ஏறாமல் நின்றுவிடும், எழுத்து மட்டும் வந்து சேரும். அவள் பக்கத்தில் படத்தின் ஓரத்தில் கடிகாரக் குறி இருக்கும். அனுப்பப்படாமல் காத்திருக்கிறது என்று பொருள். ஒற்றைச் சாம்பல் டிக் என்றால் அவள் போனை விட்டுப் போய்விட்டது, இரண்டு என்றால் என் போனுக்கு வந்துவிட்டது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், "அனுப்பினேனே" "வரலையே" என்ற வாக்குவாதத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆனால் போன் கைமாறிய பிறகு குறியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

சரி, செய்தி வந்துவிட்டது. ஊகித்துப் பார்க்கலாமா? அந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு 'வாழ்வியல் கணிதம்' நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி, நேரமும் வேலையும் எல்லாம் அந்த ஒரே இயலில் வருபவை. ஒவ்வொரு பயிற்சியிலும் ஓர் ஐந்தாம் கணக்கு உண்டு. அதற்கு மேல் 'ஒப்படைப்பு' என்று தனியாகத் தாள்கள் வந்தன, அவற்றிலும் ஓர் ஐந்தாவது உண்டு. நான் ஒன்றைத் தேர்ந்து போட்டு அனுப்பினால் அவள் அதை அப்படியே எழுதிக்கொள்வாள். எண் 5 என்று போட்டு, வேறொரு கேள்வியின் விடையை ஒப்படைத்துவிடுவாள். ஆசிரியர் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஏன் தவறு என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "இவளுக்குக் கணக்கு வராது" என்ற வரி ஒரு பெண் பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்வதற்கு இப்படி இரண்டு பெருக்கல் குறிகள் போதும். வீட்டில் அடுத்து என்ன பேச்சு எழும் என்று நமக்குத் தெரியும்.

அதனால் கேள்வியைக் கேட்டேன். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் வேலை இருக்கிறது. "போட்டோ அனுப்பு" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் டேட்டா இல்லாததால்தான் படம் வரவில்லை என்றால் அந்தப் பதிலால் பயனில்லை. வந்தாலும், மங்கிய விளக்கில் எடுத்த படத்தில் தாளின் கீழ்ப் பாதியில் கை நிழல் விழுந்திருக்கும், ஓரத்து எண்கள் வெட்டுப்பட்டிருக்கும். "எந்தக் கேள்வி?" என்று மட்டும் கேட்டால் அடுத்த நாள் இரவு "5" என்று பதில் வரும். ஒரு கேள்விக்கும் அதன் பதிலுக்கும் இடையில் ஒரு முழு நாள் ஓடும் வீடு அது. ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் ஒரே செய்தியில் கேட்டுவிட வேண்டும். அந்தப் போனை முதலில் பார்க்கப் போகிறவர் அவள் அப்பா என்பதையும் மனத்தில் வைத்து எழுத வேண்டும். நான் அனுப்பியது இதுதான்:

"தாள் எனக்கு வரலைம்மா. 5ஆம் கேள்வியை அதுல இருக்கிற மாதிரியே, ஒரு வார்த்தை விடாம டைப் பண்ணு. இல்லன்னா வாசிச்சு வாய்ஸ் அனுப்பு. நீ எதுவரைக்கும் போட்டிருக்கேன்னும் எழுது. பத்து நிமிஷம் ஆகும், நிதானமா அனுப்பு. அப்பாகிட்ட சொல்லு, அக்கா கேட்டாங்கன்னு."

கடைசி இரண்டு வரிகளும் அவளுக்காக எழுதியவை அல்ல, வீட்டுக்காக. அந்தப் பத்து நிமிடத்தை அவளாகக் கேட்டு வாங்க முடியாது. நான் கேட்டால் கிடைக்கலாம். அப்பாவுக்கு அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. "அக்கா ஏதோ கேட்டிருக்கு பாரு" என்று அன்று அண்ணனுக்கு முன்பாக இவள் கையில் போனைக் கொடுத்தார் என்று பிறகு அவளே சொன்னாள். வேறொரு வீட்டில் இதே வரி வேறு மாதிரி போயிருக்கவும் கூடும். பெண் பிள்ளையின் குரல் வாய்ஸ் செய்தியாக வெளியே போவதை விரும்பாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அங்கெல்லாம் நான் டைப் செய்யச் சொன்னேன். அதுவும் முடியாதபோது, துண்டுச் சீட்டில் எழுதி யார் கையிலாவது கொடுத்தனுப்பச் சொன்னேன்.

அவள் பதில் மறுநாள் இரவு எட்டரைக்கு மேல் வந்தது:

"12 பேர் 10 நாள்ல ஒரு வேலைய முடிப்பாங்க. 4 நாள் கழிச்சு 4 பேர் கொறஞ்சா எத்தனை நாள். நான் போட்டேன் 15 வருது. புக்ல 15 இல்ல."

இது கேள்வி அல்ல, கேள்வியின் சுருக்கம். நான் கேட்டது கேள்வியின் வாசகம். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

12 பேர் 10 நாள் என்றால் மொத்த வேலை 12 × 10 = 120 ஆள். இந்த 'ஆள்' என்ற அளவை நான் கண்டுபிடிக்கவில்லை. "அந்த வயலுக்கு எத்தனை ஆள் போச்சு" என்று எங்கள் ஊரில் கேட்டால், ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலையைத்தான் கேட்கிறார்கள். முதல் 4 நாளில் 12 பேரும் வேலை செய்தார்கள், 48 ஆள் வேலை முடிந்தது. மீதி 72. இப்போது 4 பேர் குறைந்துவிட்டார்கள், இருப்பது 8 பேர். 72 ÷ 8 = 9 நாள். "மேலும் எத்தனை நாள்" என்று தாளில் இருந்தால் விடை 9. "மொத்தம் எத்தனை நாள்" என்று இருந்தால் ஏற்கெனவே போன 4 நாளையும் சேர்த்து 13. அவள் அனுப்பியதில் "எத்தனை நாள்" மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லைச் சுருக்கியதில் விடை இரண்டாகிவிட்டது.

இன்னும் ஒன்று. தாளில் "4 பேர் குறைந்தனர்" என்று இருக்கலாம், "4 பேராகக் குறைந்தனர்" என்றும் இருக்கலாம். பேச்சில் இரண்டுமே "4 பேர் கொறஞ்சா" என்று ஆகிவிடும். இரண்டாவதில் மிஞ்சியிருப்பது 8 பேர் அல்ல, 4 பேர். 72 ÷ 4 = 18 நாள். ஓர் 'ஆக' விட்டுப்போனதில் நாட்கள் இரட்டிப்பாகிவிட்டன. தமிழ் வாக்கியத்தில் பொருள் சொல்லின் வாலில்தான் இருக்கிறது, அவசரமாக டைப் செய்யும்போது முதலில் உதிர்வதும் அந்த வால்தான். அதனால்தான் "இருக்கிற மாதிரியே" என்று கேட்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் டைப் செய்ய நேரமில்லை என்றால் எண்கள் வரும் வரியையும் கடைசி வரியையும் மட்டும் அப்படியே எழுதச் சொல்வேன். என்ன கேட்கப்படுகிறது என்பது பெரும்பாலும் கடைசி வரியில்தான் இருக்கும். பின்னம் வந்தால் "மேலே 3, கீழே 4" என்று சொல்லால் எழுதச் சொல்வேன். அடுக்குக்குறி வந்தாலும் அப்படித்தான். வரைபடம் உள்ள கேள்விக்கு மட்டும் படம் இல்லாமல் முடியாது.

இரண்டாவது முறை கேட்டதும் அன்றே பதில் வந்தது: "4 நாள்களுக்குப் பிறகு 4 பேர் விலகினர் எனில், மீதி வேலையை முடிக்க மேலும் எத்தனை நாள்கள் ஆகும்?" ஆக, 9.

இனி அவளுடைய 15. "எதுவரைக்கும் போட்டிருக்கே" என்று கேட்டது இதற்காகத்தான். அது இல்லாமல் வெறும் கேள்வி மட்டும் வந்திருந்தால் நான் 9 என்று எழுதி, கீழே நான்கு வரி வழிமுறை போட்டு அனுப்பியிருப்பேன். அவளும் நோட்டில் ஏற்றியிருப்பாள், அவ்வளவோடு முடிந்திருக்கும். 15 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதும் தெரிகிறது. 120 ஆள் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். 12இல் 4 போனால் 8 என்பதும் சரி. 120 ÷ 8 = 15. அதாவது, நான்கு பேர் முதல் நாளிலிருந்தே வரவில்லை என்றால் அவள் விடை மிகச் சரி. அவள் விட்டது ஒன்றே ஒன்றுதான், முதல் நான்கு நாளில் பன்னிரண்டு பேர் செய்து முடித்த வேலை. ஆட்கள் போனதும் அவர்கள் செய்த வேலையும் கணக்கிலிருந்து போய்விட்டது.

அவளுக்கு நான் வழிமுறை அனுப்பவில்லை. அது சம்பா நடவுக் காலம். அந்த வருடம் மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதியே தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். குறுவை முடிந்த வயல்களில் மறுபடி சேறடித்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மாவும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். எனவே ஒரு வரி மட்டும் எழுதினேன்: "அம்மாகிட்ட கேளு, 12 பேர் 4 நாள் நட்டா எத்தனை ஆள் கூலி. அந்தக் கூலி 4 பேர் நின்னுட்டதால இல்லாம போயிடுமா?"

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "48. போகாது. அப்போ மீதி 72. 9 நாளா அக்கா?"

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த வகைக் கணக்கு, எல்லோரும் எல்லா நாளும் ஒரே அளவு வேலை செய்வார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. நிஜ வயலில் அப்படி இல்லை. சேறு இறுகியிருந்தால் நடவு மெதுவாகும், மழை பிடித்தால் நிற்கும், நாற்றுமுடி வந்து சேரத் தாமதமானால் பன்னிரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நாற்று முற்றிவிடும் என்பதால் நாட்களை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. இதையெல்லாம் அவள் அம்மா சொல்லியிருக்கிறார். "கணக்கு சரிதான், ஆனா வயலுக்குச் சரியில்ல" என்று அவர் சொன்னதை அவள் எனக்கு எழுதினாள். கேள்வியை அப்படியே எழுதும் பழக்கம் வந்த பிறகு, அதற்குள் சொல்லாமல் வைத்திருக்கும் நிபந்தனைகளும் கண்ணில் படத் தொடங்குகின்றன.

2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், வீட்டருகே, பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நானும் சேர்ந்தேன். அந்தத் தொகையையும் அந்த வேலையையும் வைத்துப் பார்த்தால், 'தன்னார்வம்' என்ற சொல்லுக்குள் பெண்களின் உழைப்பு எவ்வளவு மலிவாக அடங்கிவிடுகிறது என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே சொல்ல வருவது வேறு. பிள்ளைகள் மறுபடி நேரில் வந்தார்கள், தாளோடு வந்தார்கள். ஆனாலும் ஒரு விதியை நான் விடவில்லை. கணக்கு கேட்க வருபவர் முதலில் கேள்வியை வாய்விட்டு முழுதாக வாசிக்க வேண்டும். எண்ணை மட்டும் சொல்லக் கூடாது. வாசித்த பிறகு, என்ன கேட்கிறார்கள் என்பதைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வாசித்து முடிக்கும்போதே "ஓ, சரிக்கா" என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு மாலையில் அந்தப் பெண் ஒரு பழைய வினாத்தொகுப்பிலிருந்து வாசித்தாள். நான்கு ஆண்கள் அல்லது ஆறு பெண்கள் ஒரு வேலையை இத்தனை நாளில் முடிப்பார்கள் என்று தொடங்கும் வகை. போட்டித் தேர்வுக்குப் படித்தவர்கள் எல்லோரும் இதைப் போட்டிருப்போம். நாள் ஒன்றுதான் என்பதால் 4 ஆண்களின் வேலையும் 6 பெண்களின் வேலையும் சமம், ஆகவே ஓர் ஆண் ஒன்றரைப் பெண்ணுக்குச் சமம். அந்த விகிதத்தைக் கண்டுபிடித்தால்தான் கணக்கு நகரும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது 4, 6 என்ற இரண்டு எண்கள். வாசகத்தைப் படிப்பவருக்கு அது ஒரு கூற்று. எந்த வேலை என்று கேள்வி சொல்வதில்லை. வேலை எதுவானாலும் பெண் முக்கால் ஆளுக்கும் குறைவு என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் நம்மைப் பெருக்கச் சொல்கிறது. வயலில் பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவாக இருப்பதற்கு ஊரில் சொல்லப்படும் நியாயமும் இதே வாக்கியம்தான்.

அவள் வாசித்துவிட்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "என்ன வேலைக்கா இது? நடவா இருந்தா எங்கப்பாவால ஒரு வரிசைகூட நட முடியாது."

கணக்கை எழுதியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. விகிதத்தைத் தலைகீழாக்கி, ஆறு ஆண்கள் அல்லது நான்கு பெண்கள் என்று மாற்றி எழுதிப் போடச் சொன்னேன். ஒரு பெண் ஒன்றரை ஆண் என்று வந்தது. வழிமுறை மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் "அப்படியெல்லாம் கேள்வி வராதுக்கா" என்றான்.